தேதியில்லாத பழைய கடிதத்துக்குக் காலம் கணிக்க

தாத்தா காலத்துக் கடிதத்தில் தேதி இல்லையா? உள்ளே படிக்கும் முன் உறையைப் பாருங்கள். தபால்தலையில் விலை நயா பைசாவில் இருந்தால், கடிதம் 1957 ஏப்ரலுக்கு முந்தையதல்ல. அணா போய்ப் பைசா வந்தது அப்போதுதான். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. தபால் முத்திரை மங்கலாக இருந்தால், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். முத்திரை அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தால், அதில் நிழல் விழுந்து எண் தெரியக்கூடும்.

இது எதிர்த்திசையில் செல்லாது. பின்கோடு இல்லை என்பதால் 1972-க்கு முந்தையது என்று முடிவுகட்ட வேண்டாம்; அதற்குப் பிறகும் பலர் அதை எழுதாமலேயே அனுப்பினார்கள். அணா தபால்தலையும் அப்படித்தான், வீட்டில் மிச்சமிருந்ததைப் பிறகு ஒட்டியிருக்கலாம். கணித்த ஆண்டைப் பென்சிலால் தனித்தாளில் குறியுங்கள், உறைமேல் அல்ல.