பாங் பந்து எந்தக் கோணத்தில் திரும்பும்? அதே கணக்கை நாமே எழுதிப் பார்ப்போம்

கேரம் பலகையில் காயைப் பக்கச் சட்டத்தில் அடித்தால், பட்ட கோணத்திலேயே மறுபக்கம் திரும்பும். முதன்முதலாகக் கணினியில் டேபிள் டென்னிஸ் விளையாட்டை எழுத உட்காருகிறவர்கள் மட்டைக்கும் இதே விதியைத்தான் போடுகிறார்கள். பந்து ஓடும், ஆனால் விளையாட எதுவும் இருக்காது. மட்டையை எங்கே வைத்தாலும் பந்து ஒரே பாதையில் போகும், ஆட்டக்காரரால் குறிபார்க்கவே முடியாது.

இந்தச் சிக்கலைத் தொடக்கக் கால விளையாட்டுகள் வெவ்வேறு வழிகளில் தீர்த்தன. 1958-இல் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் செய்த ஆட்டத்தில் அடிக்கும் கோணத்தை ஒரு திருகு குமிழால் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். 1972-இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸி என்ற வீட்டு விளையாட்டுக் கருவியில், அடித்த பிறகும் ஒரு தனிக் குமிழால் பந்தை மேலும் கீழும் வளைக்கலாம். அதே ஆண்டு அட்டாரி நிறுவனத்தில் ஆலன் அல்கார்ன் 'பாங்' செய்தபோது கூடுதல் குமிழ் எதுவும் வைக்கவில்லை. பந்து மட்டையில் எந்த இடத்தில் படுகிறதோ, அந்த இடமே கோணத்தை முடிவு செய்யும்படி அமைத்தார். நாம் செய்யப்போவதும் அதுதான்.

படி 1: மட்டையை எட்டாகப் பிரியுங்கள்

மட்டையின் உயரம் திரையில் 16 வரிகள் என்று வைத்துக்கொள்வோம். துண்டுக்கு இரண்டு வரி, மொத்தம் எட்டுத் துண்டு. நடுவில் உள்ள இரண்டும் பந்தை நேராகத் திருப்பும். விளிம்பை நோக்கிப் போகப் போகச் சரிவு கூடும்.

எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? பாங்கில் நிரலே கிடையாது, மைக்ரோபிராசசரும் கிடையாது. எல்லாம் சாதாரண லாஜிக் சிப்புகள். திரையில் மட்டை வரி வரியாக வரையப்படும்போது, நான்கு பிட் கவுன்டர் ஒன்று அந்த வரிகளை எண்ணிக்கொண்டே வரும். பந்தும் மட்டையும் ஒரே புள்ளியில் வரையப்படும் கணத்தில் அந்தக் கவுன்டரின் மேல் மூன்று பிட்டுகள் பிடித்து வைக்கப்படும். மூன்று பிட்டில் எட்டு மதிப்புகள்தான் அடங்கும். மட்டையை வரைய எப்படியும் தேவைப்பட்ட கவுன்டரே கோணத்தையும் சொல்லிவிடுகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்.

படி 2: அட்டவணையும் கணக்கும்

```python
VY = [-3, -2, -1, 0, 0, 1, 2, 3]

def hit(ball_y, pad_y, vx):
    seg = (ball_y - pad_y) // 2
    seg = max(0, min(7, seg))
    return -vx, VY[seg]
```

`ball_y` பந்தின் நடுப்புள்ளி, `pad_y` மட்டையின் மேல் விளிம்பு. இரண்டும் முழு எண்கள். `vx` பந்தின் கிடைமட்ட வேகம், `VY` ஒவ்வொரு துண்டுக்கும் உரிய செங்குத்து வேகம். `// 2` என்பது கவுன்டரின் கடைசிப் பிட்டை விட்டுவிடுவதற்குச் சமம்.

மட்டை 100-இல் தொடங்குகிறது, பந்து 113-இல் படுகிறது என்றால், 13-ஐ இரண்டால் வகுத்து 6. அட்டவணையில் ஆறாவது இடத்தில் (பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுங்கள்) இருப்பது 2. பந்து இனி ஒவ்வொரு பிரேமிலும் இரண்டு வரி கீழே இறங்கும். அது வந்த சரிவு கணக்கில் சேரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் விடை ஒன்றுதான். மட்டை அசைந்துகொண்டிருந்ததா என்பதும் பொருட்டில்லை.

மேல், கீழ்ச் சுவர்களுக்கு மட்டும் கேரம் விதி பொருந்தும்: `vy = -vy`.

படி 3: கெட்டுப்போகும் இடங்கள்

பந்தின் ஓரம் மட்டையைத் தொட்டு, அதன் நடுப்புள்ளி மட்டைக்குச் சற்று மேலே இருக்கலாம். அப்போது `seg` -1 ஆகும். பைத்தானில் -1 என்றால் பட்டியலின் கடைசி எண். மேல் விளிம்பில் பட்ட பந்து கீழ்நோக்கிப் பாய்ந்தால் காரணம் இதுதான். அதற்காகவே `max`, `min` வரி.

பந்து மட்டைக்குள் மாட்டி நடுங்கினால், ஒரே மோதல் பல பிரேம்களில் எண்ணப்படுகிறது, `vx` மாறி மாறிப் புரள்கிறது என்று பொருள். இடது மட்டையை `vx < 0` ஆக இருக்கும்போது மட்டும், வலது மட்டையை `vx > 0` ஆக இருக்கும்போது மட்டும் சோதித்தால் நின்றுவிடும்.

படி 4: வேகம் கூடும்போது கோணம்

பாங்கில் தொடர்ந்து அடிக்க அடிக்கப் பந்தின் வேகம் கூடும். கூடுவது கிடைமட்ட வேகம்தான், அட்டவணை மாறாது. அதனால் அதே துண்டில் பட்டாலும் கோணம் குறையும். `vx` 2, `vy` 2 என்றால் 45 டிகிரி. `vx` 4 ஆனால் ஏறக்குறைய 27 டிகிரிதான். உங்கள் ஆட்டத்தில் நீண்ட ஆட்டத்துக்குப் பிறகு பந்து தட்டையாகப் பறப்பதாகத் தோன்றினால் அது பிழையல்ல. கோணம் மாறாமல் இருக்க வேண்டுமானால் `vx` கூடும் அதே விகிதத்தில் `VY` எண்களையும் பெருக்குங்கள். ஆனால் அப்போது விளிம்பில் பட்ட பந்தை எட்டிப் பிடிப்பது மிகவும் கடினமாகிவிடும். நான் பெருக்காமலே விட்டிருக்கிறேன்.