நண்பனின் கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்று வெளிநாட்டிலிருந்து எழுதுவது எப்படி?

லீவு கிடைக்காது என்று உறுதியான அன்றே எழுதிவிடுங்கள். "முயற்சி பண்றேன்" என்று இழுத்தால், அங்கே உங்களுக்கும் சேர்த்து இலை போடுவார்கள், ரூம் எடுப்பார்கள். நெருங்கிய நண்பர் என்றால் முதலில் ஒரு போன், அன்றைக்கே ஒரு கடிதம். போனில் சொன்னது கல்யாண வேலையில் மறந்துபோகும். எழுத்தில் இருப்பதை அவர் வீட்டாருக்கும் காட்டலாம்.

முதல் படி: வாழ்த்தி முடித்ததும், இரண்டாவது வரியிலேயே வர முடியாததைச் சொல்லுங்கள். காரணம் ஒன்று போதும். விசா, வேலை, டிக்கெட் விலை என்று மூன்றை அடுக்கினால் மூன்றுமே சாக்காகத் தெரியும்.

இரண்டாவது படி பரிசு. பலரும் சறுக்குவது இங்கேதான். "பரிசு அனுப்பிட்டேன், வந்துடும்" என்று எழுதிவிட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் வாங்கவே போவார்கள். எங்கே போச்சு என்று நண்பரால் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. அதனால் எப்படி வரும், எப்போது வரும் என்று முடிவு செய்த பிறகே எழுதுங்கள். பார்சல் எல்லை தாண்டினால், பரிசுப்பொருளாகவே இருந்தாலும், பல நாடுகளில் சுங்க வரியைப் பெறுபவர்தான் கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் கொடுத்த பரிசுக்கு அவர் காசு கட்டுவது நன்றாகவா இருக்கும்? அவர் நாட்டிலேயே ஆன்லைனில் ஆர்டர் செய்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. கல்யாண வாரத்தில் வீட்டில் ஆள் இருக்காது. பார்சல் திரும்பிப் போய்விடும். கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து வரும்படி வையுங்கள்.

மூன்றாவது படி, நேரில் வருவது. "சீக்கிரம் வர்றேன்" என்பதில் சத்து இல்லை. லீவு உறுதியாக இருந்தால் மாதத்தைச் சொல்லுங்கள். இல்லையென்றால் எப்போது தெரியும் என்பதையாவது சொல்லுங்கள்.

எல்லாம் சேர்ந்தால் இப்படி வரும்:

"அன்புள்ள நண்பா, பத்திரிகை பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனா கல்யாணத்துக்கு என்னால வர முடியலடா. எங்க ப்ராஜெக்ட் அந்த வாரம்தான் முடியுது, லீவு தரமாட்டேங்கறாங்க. மேடையில உன் பக்கத்துல நிக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். உங்க ரெண்டு பேருக்கும் ஒரு சின்ன பரிசு, 20-ஆம் தேதிக்கு மேல புது வீட்டுக்கே வரும். டெலிவரிக்கு எந்த நம்பர் கொடுக்கட்டும்? டிசம்பர் லீவு அக்டோபர்ல உறுதியாகும், அன்னிக்கே தேதி சொல்றேன். அம்மா அப்பாகிட்ட நானே பேசறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நண்பர் புரிந்துகொள்வார்; மனத்தாங்கல் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்துதான் வரும். அனுப்பிய கையோடு அக்டோபருக்கு போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். லீவு கிடைக்காவிட்டாலும் அன்றைக்கு அவருக்குச் சொல்லியாக வேண்டும்.