லாக்கர் நகைக்கு இன்சூரன்ஸ் எடுத்த கதை, படிப்படியாக

காரைக்குடி பேங்க் லாக்கரில் எங்கள் ஆத்தாவின் கழுத்திரு, வைரத்தோடு எல்லாம் சேர்த்து 40 பவுன் இருக்கிறது. திருட்டுப் போனால் பேங்க் முழுசாகத் தரும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். அப்படி இல்லை.

முதலில் லாக்கர் ஒப்பந்தத்தை எடுத்து ஆண்டு வாடகையைப் பாருங்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, பேங்க் ஊழியரின் மோசடி இவற்றுக்கு பேங்கின் பொறுப்பு அந்த வாடகையின் 100 மடங்கு. வாடகை 3,000 என்றால் 3 லட்சம், அவ்வளவுதான். கிராம் 10,000 என்று கணக்குக்கு வைத்தாலும் 40 பவுன், அதாவது 320 கிராம், 32 லட்சம் ஆகிறது. மீதி 29 லட்சம் நம் தலையில். வெள்ளம், நிலநடுக்கம், இடி மின்னலில் போனால், பேங்கின் கவனக்குறைவு இல்லாதவரை, அந்த 3 லட்சமும் கிடையாது.

லாக்கர் பொருளுக்கு பேங்க் தன் வழியாக இன்சூரன்ஸ் விற்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. அதனால் பொதுக் காப்பீட்டு நிறுவனத்திடம் நாமே போகவேண்டும். லாக்கருக்கு மட்டும் பாலிசி உண்டு, வீட்டு பாலிசியோடு நகைக்கான பிரிவைச் சேர்ப்பதும் உண்டு. நான் சொல்வது இரண்டாவதை, ஆனால் லாக்கர் இருக்கும் கிளையின் முகவரி பாலிசியில் எழுத்தில் வரவேண்டும், ஏஜெண்ட் வாயால் சொன்னது போதாது.

நான் மாட்டிக்கொண்டது மதிப்பீட்டில். பழைய நகைக்கு ஏது பில்? நகைக்கடன் வாங்கியபோது பேங்க் அப்ரைசர் எழுதிய சீட்டைக் கொடுத்தேன், வாங்கவில்லை. அதில் மொத்த எடை மட்டும்தான் இருந்தது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் போய், ஒவ்வொரு நகைக்கும் மொத்த எடை, கல் நீக்கிய எடை, தரம், கல்லின் விவரம், மதிப்பு என்று தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். கழுத்திருவை ஒரே வரியில் எழுத விடாதீர்கள், உருப்படி உருப்படியாக எண்ணி எழுதச் சொல்லுங்கள். கூடவே போட்டோ. அந்தத் தாளை லாக்கருக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள், நகையோடு அதுவும் போய்விடும்.

பிரீமியம் குறைய மதிப்பைக் குறைத்துப் போடவும் வேண்டாம். பல பாலிசிகளில் 32 லட்சம் நகைக்கு 16 லட்சம்தான் போட்டிருந்தால், 4 லட்சம் நகை திருட்டுப் போனாலும் 2 லட்சம்தான் வரும். தங்கம் ஏறும்போது நம் தொகை தானாக ஏறாது, அதனால் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் மாற்றவேண்டும்.

பின்சேர்ப்பு: கல்யாணத்துக்கு எடுத்துக் கட்டினால் செல்லுமா என்று ஒரு ஆச்சி கேட்டிருந்தார்கள். லாக்கருக்கு மட்டுமான பாலிசி என்றால், நகை வெளியே வந்ததும் பாதுகாப்பு நின்றுவிடலாம். அணிந்திருக்கும்போதும் கொண்டுபோகும்போதும் செல்லும் என்று பாலிசியில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் லாக்கரைத் திறக்குமுன் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.