லாக்ஃப்ரேமில் வெளியீடா, விளைவா? எழுவாயைப் பாருங்கள்

லாக்ஃப்ரேம் என்பது ஒரு திட்டத்தை உள்ளீடு முதல் தாக்கம் வரை வரிவரியாக எழுதும் அட்டவணை. அதில் ஒரு வரி வெளியீடா விளைவா என்று குழம்பினால், அந்த வேலையைச் செய்வது யார் என்று பாருங்கள். திட்டக் குழு செய்துமுடிப்பது வெளியீடு. பயனாளி தானாகச் செய்ய வேண்டியது விளைவு.

ஒரு ஊரில் 200 கழிப்பறைத் திட்டம் என்று வைப்போம். சிமெண்டும் கொத்தனார் கூலியும் உள்ளீடு, குழி தோண்டிக் கட்டுவது செயல்பாடு, கட்டிமுடித்த 200 கழிப்பறை வெளியீடு. வீட்டில் எல்லோரும் அதில் போவதுதான் விளைவு. வயிற்றுப்போக்கு குறைவது தாக்கம். பணமும் ஆளும் இருந்தால் வெளியீட்டை நாமே முடிக்கலாம், விளைவுக்கு மக்கள் மனம்வைக்க வேண்டும். தண்ணீர் கிடைக்கும் என்பது போன்ற அனுமானங்களை எழுதுவதும் வெளியீட்டுக்கும் விளைவுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிக்காகத்தான்.

நடந்ததா என்று அளக்கும் குறிகாட்டியும் இதிலேயே பிரிந்துவிடும். வெளியீட்டுக்குக் கட்டிமுடித்த பதிவேடு போதும். விளைவுக்கு வீடுவீடாகப் போய், உள்ளே வாளியில் தண்ணீர் இருக்கிறதா, விறகு அடுக்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். (சில வீடுகளில் விறகுதான் இருக்கும்.)

செவிலியருக்குப் பயிற்சி தருவது போன்ற திட்டங்களில் இந்த ஒரு கேள்வி போதாது. செவிலியர் வேலைசெய்யும் விதம் மாறுவது ஒரு விளைவு, அதனால் நோயாளிக்குக் கிடைக்கும் பலன் இன்னொன்று. இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.