பேட் கைப்பிடிக்கு ஓவர்கிரிப் சுற்றுவதும் மாற்றுவதும்

எங்கள் ஷட்டில் கோர்ட்டுக்கு வரும் காலேஜ் பையன் ஒருவன், "அண்ணே, பேட் வாங்கி ஆறு மாசத்துல கைப்பிடி குண்டாயிடுச்சு" என்றான். பிரித்துப் பார்த்தால், கைப்பிடி மேல் சுற்றும் மெல்லிய நாடாவான ஓவர்கிரிப் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று. ஒரு சாதாரண ஓவர்கிரிப்பின் கனம் சுமார் 0.6 மி.மீ.தான். ஆனால் அது கைப்பிடியின் இரண்டு பக்கமும் ஏறுகிறது. மூன்று சேர்ந்தால் 3.6 மி.மீ. பெருத்துவிடும். விரல்களுக்குள் பேட்டைச் சட்டென்று திருப்ப முடியாமல் போனது அதனால்தான்.

பேட்டோடு வருவது அடிக் கிரிப். கடையில் ரீப்ளேஸ்மென்ட் கிரிப் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். கனமாக, மெத்தென்று, பின்புறம் பசையோடு இருக்கும். அதிர்வைத் தாங்குவது இதன் வேலை. ஓவர்கிரிப் அதன் மேல் போடும் மெல்லிய சட்டை மாதிரி. வேர்வையை வாங்கிக்கொண்டு பிடிமானம் தரும். ஷட்டில் பேட்டின் கைப்பிடி பெரும்பாலும் மரம் என்பதால், மெலிதாக வேண்டும் என்பவர்கள் அடிக் கிரிப்பை உரித்துவிட்டு நேராக ஓவர்கிரிப் சுற்றுவதுண்டு. டென்னிஸில் அதைச் செய்யாதீர்கள். கனமான பந்தின் அடி நேராகக் கையில் இறங்கும்.

சுற்றும் முறை:

1. பழைய ஓவர்கிரிப்பை முழுக்கக் கழற்றுங்கள். அடிக் கிரிப் ஈரமாக இருந்தால் காயவிடுங்கள்.

2. புதியதன் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். இதை மறந்து சுற்றிவிட்டு, "புது கிரிப்பே வழுக்குது" என்று வருபவர்கள் நிறைய.

3. கூராக வெட்டிய முனையைக் கைப்பிடியின் அடிப்பகுதியில் வைத்து, ஒரு முழுச் சுற்று நேராகச் சுற்றுங்கள். வலக்கைக்காரர்கள் அடிக் கிரிப் போகும் திசையிலேயே போகலாம். இடக்கைக்காரர்கள் எதிர்த்திசையில் சுற்றினால் ஓரங்கள் சீக்கிரம் எழும்பாது.

4. பிறகு சாய்வாக, லேசாக இழுத்துப் பிடித்தபடி, முந்தைய சுற்றின் மேல் 2, 3 மி.மீ. ஏறும்படி மேலே போங்கள். பாதி வழியிலேயே கிரிப் தீர்ந்தால் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள். பிரித்து மறுபடி சுற்றுங்கள். சுருக்கம் விழுந்தால் இழுப்பு போதவில்லை.

5. மேலே மீதியைச் சாய்வாக வெட்டி, கூட வரும் டேப்பை ஒட்டுங்கள்.

எப்போது மாற்றுவது? நாள் கணக்கு வேண்டாம், கையைக் கேளுங்கள். கட்டைவிரல் படும் இடம் பளபளத்து வழவழப்பானாலோ, நூல் நூலாகப் பிய்ந்தாலோ ஓவர்கிரிப் முடிந்தது. அதற்கு முன்பே ஓர் அறிகுறி உண்டு: வழுக்காமலிருக்க நீங்களே அறியாமல் இறுக்கிப் பிடிக்கிறீர்கள், ஆட்டம் முடிந்ததும் முன்கை வலிக்கிறது. வேர்வை அதிகமுள்ளவருக்கு ஓரிரு வாரத்திலேயே இது வரும். அடிக் கிரிப் நீண்ட நாள் உழைக்கும். அழுத்திப் பார்த்து மெத்தென்று இல்லாமல் கட்டையாக இருந்தாலோ, காய்ந்த பிறகும் நாற்றம் போகாவிட்டாலோ அதையும் மாற்றுங்கள்.

அந்தப் பையனின் பேட்டில் மூன்றையும் கழற்றியபோது அடிக் கிரிப்பும் கட்டையாகிக் கிடந்தது. அதையும் உரித்தோம். புதிதாக ஓர் அடிக் கிரிப், அதன் மேல் ஒரே ஓவர்கிரிப். வாங்கிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "இது என் பேட்தானா?" என்றான்.