அட்லாண்டா விமான நிலையத்தில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்லாண்டா விமான நிலையத்தில் வாடகைக் காரை முனையத்தின் வாசலில் ஒப்படைக்க முடியாது. வாடகைக் கார் நிறுவனங்கள் பெரும்பாலும் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒரே வாடகைக் கார் மையத்தில் இயங்குகின்றன. அது ஐ-85 நெடுஞ்சாலைக்கு மேற்கே, காலேஜ் பார்க் பகுதியில் இருக்கிறது. ஆகவே, வழிகாட்டிச் செயலியில் விமான நிலையத்தின் பெயரை மட்டும் இட்டுவிட்டுக் கிளம்புவதுதான் முதல் தவறு. அது பெரும்பாலும் உள்நாட்டு முனையத்தின் நெரிசலில் கொண்டுபோய் விட்டுவிடும். கீழே உள்ள முகவரியையே இட வேண்டும்:

```
2200 Rental Car Center Parkway, College Park, GA
```

ஒப்பந்தத் தாளில் வேறு முகவரி இருந்தால், உங்கள் நிறுவனம் இம்மையத்துக்கு வெளியே தனி இடம் வைத்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் அந்த முகவரிக்கே செல்ல வேண்டும்; அங்கிருந்து எந்த வண்டியில் முனையத்துக்குப் போவது என்பதையும் அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மையத்தை நெருங்கியதும் 'ரென்டல் கார் ரிட்டர்ன்' என்ற பலகைகளையும், அதற்கடுத்து நிறுவனப் பெயர்களையும் பார்த்துக்கொண்டே மெதுவாகச் செல்ல வேண்டும். ஏவிஸும் பட்ஜெட்டும் ஒரே குழுமத்தவை, என்டர்பிரைஸ், அலமோ, நேஷனல் மூன்றும் இன்னொரு குழுமத்தவை என்பதால், ஒன்றின் பாதையில் மற்றொன்றின் காரை விட்டுவிடலாம் என்று நாமாகவே முடிவு செய்துகொள்ளக் கூடாது. ஒப்பந்தத்தின் தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருள்ள பாதையே நமக்குரியது. தவறான பாதையில் நுழைந்துவிட்டால் பதற்றத்தில் பின்னோக்கி எடுக்க வேண்டாம். இத்தகைய இடங்களில் தரையில் ஒருவழி இரும்புப் பற்கள் பதித்திருப்பார்கள். அவை முன்னோக்கிப் போகும் சக்கரத்துக்கு மடங்கிக்கொடுக்கும், பின்னோக்கி வரும் சக்கரத்தைக் கிழித்துவிடும். அங்கேயே நிறுத்தி, ஊழியரை அழைத்துக் கேட்பதே பாதுகாப்பானது.

காரை நிறுத்தியவுடன் சாவியை உள்ளே விட்டுவிட்டு ஓடுவதும் தவறு. ஓடிய மைல் கணக்கும் பெட்ரோல் அளவும் தெரியும்படி டாஷ்போர்டையும், காரின் நான்கு பக்கங்களையும் படமெடுத்துக்கொண்டு, ஊழியர் காரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை மின்னஞ்சலிலாவது வாங்கிவிட வேண்டும். பெட்ரோல் நிரப்பிய ரசீதையும் பயணம் முடியும்வரை வைத்திருங்கள்.

இனிமேல்தான் பலரும் இடறும் இடம் வருகிறது. மையத்திலிருந்து முனையங்களுக்குச் செல்ல இரு வழிகள் உண்டு. இரண்டும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. ஸ்கைட்ரெயின் என்னும் கட்டணமில்லாத ரயில் உள்நாட்டு முனையத்துக்கு மட்டுமே செல்கிறது. இடையில் வரும் நிலையம் மாநாட்டு மையத்துக்கும் ஓட்டல்களுக்கும் உரியது. அங்கே இறங்கிவிடக் கூடாது. தோஹா, ஃபிராங்ஃபர்ட் வழியாகச் சென்னைக்குப் பறப்பவர்கள் செல்ல வேண்டிய பன்னாட்டு முனையமோ விமான நிலையத்தின் கிழக்குக் கோடியில், ஐ-75 பக்கமாக இருக்கிறது. அதற்கு மையத்திலிருந்தே ஷட்டில் பேருந்து உண்டு. கூட்டம் போகும் திசையில் நாமும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ரயிலேறிவிட்டால், உள்நாட்டு முனையத்தில் இறங்கி, மறுபடியும் வேறொரு ஷட்டிலைப் பிடிக்க வேண்டியிருக்கும். கைப்பை மட்டும் வைத்திருந்து, போர்டிங் பாஸும் கையில் இருந்தால், உள்நாட்டு முனையத்திலேயே பாதுகாப்புச் சோதனையை முடித்து உள்ளே ஓடும் ரயிலில் பன்னாட்டு வாயில்களை அடையலாம். ஆனால், ஊருக்குப் போகும் நம்மவர்களில் பெட்டியில்லாமல் போகிறவர் யார்?

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாலை 6:30 மணி விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 3:30க்குப் பன்னாட்டு முனையத்தில் இருக்க வேண்டும் என்று வையுங்கள். பேருந்துக்குக் காத்திருக்கவும் பயணிக்கவும் 40 நிமிடம் ஒதுக்கினால், 2:50க்கு ஷட்டில் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். காரை ஒப்படைத்துப் பெட்டிகளை இறக்க 20 நிமிடம் என்றால், 2:30க்கு மையத்துக்குள் நுழைய வேண்டும். பெட்ரோல் பங்கிலிருந்து 2:10க்காவது கிளம்பியாக வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் நகரின் நடுவிலிருந்து வருபவர்கள் இதற்கும் மேலாக நெரிசலுக்கென ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்வது மிகையாகாது.

முதியவர்களும் பெரிய பெட்டிகளும் இருந்தால், குடும்பத்தை முதலில் பன்னாட்டு முனையத்தில் இறக்கிவிட்டு, ஓட்டுநர் மட்டும் காரை ஒப்படைத்து வருவது எளிதுதான். ஆனால், கிழக்குக் கோடியிலிருந்து மேற்கே உள்ள மையத்துக்கு விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்பதால், முன்சொன்ன கணக்கில் இன்னும் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுநரின் கடவுச்சீட்டு குடும்பத்தினரின் கைப்பையோடு போய்விடாமல் அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். ஒப்பந்தத் தாளும் அவரிடமே இருக்க வேண்டும்.