மின்னஞ்சலில் 'யார் செய்கிறார்?' என்பது தெரியும்படி எழுதுவது எப்படி

தமிழில் அலுவலக மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் கை தானாக 'மேற்கொள்ளப்பட்டு வருகிறது' பக்கம் போகும். படிப்பவருக்கு எல்லாம் நடந்துகொண்டிருப்பது போலத் தோன்றும், ஆனால் யார் என்ன செய்கிறார் என்று தெரியாது. அப்படிப்பட்ட ஒரு மின்னஞ்சலை எடுத்துப் படிப்படியாகத் திருத்திப் பார்க்கலாம். இணையதளம் ஒன்றைப் பராமரிப்பவர், பிழை இருப்பதாகச் சொன்ன வாடிக்கையாளருக்கு எழுதிய பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

> பதிவுப் படிவத்தில் தெரிவிக்கப்பட்ட பிழை தொடர்பாக ஆய்வு மேற்கொள்ளப்பட்டு வருகிறது. சில விவரங்கள் கிடைக்காததால் பணியில் தாமதம் ஏற்பட்டுள்ளது. பிழை தொடர்பான ஸ்கிரீன்ஷாட்கள் விரைவில் அனுப்பப்பட வேண்டும். அதன் பிறகு உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு வாக்கியத்தில் ஒரு மனிதர்கூட இல்லை.

படி 1: வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அதனால் முற்றுப்புள்ளிக்கு முன்னால் இருக்கும் சொல்லை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டே போனால் போதும். அந்தச் சொல்லைப் பார்த்து 'யார்?' என்று கேளுங்கள். 'அனுப்புகிறேன்' என்றால் நான். 'அனுப்பினீர்கள்' என்றால் நீங்கள். வினையின் விகுதியிலேயே ஆள் இருக்கிறார், 'நான்' என்று தனியாக எழுதாவிட்டாலும் குழப்பம் இல்லை. எழுவாய் வெளியே தெரியாத வாக்கியம் எல்லாம் தவறு என்று நினைத்து ஒவ்வொரு வரியையும் 'நான்' என்று தொடங்க வேண்டாம், படிக்கச் சகிக்காது.

நம் மாதிரியில் கடைசிச் சொற்கள் இவை: வருகிறது, ஏற்பட்டுள்ளது, வேண்டும், எடுக்கப்படும். எதிலும் ஆள் இல்லை.

படி 2: ஆள் எங்கே மறைந்திருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

செயப்பாட்டுவினை என்றதும் எல்லோரும் 'படு' என்பதைத்தான் தேடுவார்கள். 'எடுக்கப்படும்' அந்த வகை. ஆனால் 'படு' வந்தாலே செயப்பாட்டுவினை என்று நினைத்துவிடாதீர்கள். 'கவலைப்பட்டேன்' என்பதில் கவலைப்பட்டவர் நான் என்று தெளிவாக இருக்கிறதே! 'எடுக்க', 'அனுப்ப' போன்ற எச்சத்தோடு 'படு' சேரும்போதுதான் ஆள் காணாமல் போகிறார்.

இதைவிட அதிகமாக ஏமாற்றுபவை செயப்பாட்டுவினையே இல்லாத வாக்கியங்கள். 'தாமதம் ஏற்பட்டுள்ளது' என்பது இலக்கணப்படி செயப்பாட்டுவினை அல்ல. ஆனாலும் தாமதம் மழை மாதிரி தானாக வந்ததுபோல ஒலிக்கிறது. 'வேண்டும்' இன்னும் மோசம். அது எந்த ஆளுக்கும் மாறாது: நான் அனுப்ப வேண்டும், நீங்கள் அனுப்ப வேண்டும், அவர் அனுப்ப வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். அதனால் 'வேண்டும்', 'முடியும்', 'அனுப்பலாம்' போன்றவை வந்தால் ஆளைத் தனியாக எழுதியே ஆக வேண்டும்.

வாக்கியத்தின் நடுவிலும் ஒருவர் ஒளிந்திருக்கிறார். 'தெரிவிக்கப்பட்ட பிழை' என்பதைத் தெரிவித்தவர் இந்த மின்னஞ்சலைப் படிக்கப்போகும் வாடிக்கையாளரேதான். 'நீங்கள் சொன்ன பிழை' என்று எழுதினால் வேலை முடிந்தது.

படி 3: ஆளை எழுவாயாக்கி, வேற்றுமை உருபைச் சரிசெய்யுங்கள்

பிழையைச் சோதிக்கும் சக ஊழியர் பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். 'படிவம் கவிதாவால் சோதிக்கப்பட்டது' என்பதில் 'ஆல்' போகும், 'படிவம்' என்பதோடு 'ஐ' சேரும்: 'கவிதா படிவத்தைச் சோதித்தார்.' இயந்திரத்தனமான வேலைதான், ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது யாருடைய பெயரை எழுதுவது என்பதில்தான். 'தொழில்நுட்பப் பிரிவு சரிபார்க்கும்' என்றாலும் செய்வினைதான், ஆனால் பிரிவு என்பது யார்? வாடிக்கையாளர் அடுத்து யாரைக் கேட்பார்? பெயர் எழுதுங்கள். 'நாம்' என்று எழுதும்போதும் கவனம் தேவை. 'நாம் பார்க்கலாம்' என்றால் படிப்பவரும் சேர்ந்துதான், உங்கள் குழு மட்டும் என்றால் 'நாங்கள்'. இந்த இடத்தில் சறுக்கினால் இரண்டு பக்கமும் மற்றவர் செய்வார் என்று காத்திருக்கும்.

படி 4: வெற்று வினையை எடுத்துவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய வினையைப் போடுங்கள்

'மேற்கொள்', 'எடு', 'நடத்து', 'செய்' போன்றவை பல இடங்களில் வெறும் பெட்டிகள்தான், உண்மையான வேலை அவற்றுக்கு முன்னால் வரும் பெயர்ச்சொல்லில் இருக்கும். 'ஆய்வு மேற்கொள்கிறேன்' என்பதை 'ஆராய்கிறேன்' என்று மாற்றுவது முதல் கட்டம். அதோடு நின்றுவிடாதீர்கள். ஒருவர் 'ஆராயும்போது' பக்கத்தில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? படிவத்தைத் திறக்கிறார், நிரப்புகிறார், பொத்தானை அழுத்துகிறார். அந்த வினைகளை எழுதுங்கள்.

இந்தப் படியில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். 'உரிய நடவடிக்கை' என்பதை மாற்ற உட்கார்ந்தால், அது என்ன நடவடிக்கை என்று எழுதியவருக்கே தெரியாது என்பது வெளிப்பட்டுவிடும். அப்போது வாக்கியத்தோடு மல்லுக்கட்டாமல் கவிதாவைக் கேட்டு வாருங்கள். பதில் இல்லாத இடத்தில் எந்த வினையைப் போட்டாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

இப்போது திருத்திய வடிவம்:

> பதிவுப் படிவத்தில் 'அனுப்பு' பொத்தான் வேலை செய்யவில்லை என்று திங்கட்கிழமை எழுதியிருந்தீர்கள். அதே படிவத்தை என் கணினியிலும் போனிலும் நிரப்பி அனுப்பிப் பார்த்தேன், இரண்டிலும் போனது. நீங்கள் எந்த பிரவுசரில் திறந்தீர்கள் என்று உங்களிடம் நான் அன்றே கேட்கவில்லை, அதனால்தான் தாமதம். பிழை வரும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரவுசரின் பெயரோடு புதன்கிழமை மாலைக்குள் எனக்கு அனுப்புங்கள். கவிதா அதே பிரவுசரில் சோதித்துவிட்டு, எப்போது சரியாகும் என்று வெள்ளிக்கிழமை உங்களுக்கு எழுதுவார்.

கடைசி வரியைக் கவனியுங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்வார்' என்று எழுதவில்லை. காரணமே தெரியாத பிழைக்கு அப்படி நாள் குறிக்க முடியாது, எழுதுவதற்கு மட்டும் நாள் குறிக்கலாம். தெளிவான வினை என்றால் தெளிவான வாக்குறுதி, அதனால் காப்பாற்றக்கூடியதை மட்டும் எழுதுங்கள். இன்னொன்று, வடிவம் முன்பைவிட நீண்டுவிட்டது. பரவாயில்லை, 'என்ன ஆச்சு?' என்று கேட்டு இன்னொரு மின்னஞ்சல் வருவது குறையும்.

எங்கே மாற்றாமல் விடலாம்

'உங்கள் மின்னஞ்சல் பெறப்பட்டது' என்பதை 'நான் உங்கள் மின்னஞ்சலைப் பெற்றேன்' என்று மாற்றினால் விறைப்பாக இருக்கும். 'உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது' என்பதுதான் நம் பேச்சு, யாருக்குக் கிடைத்தது என்பதில் சந்தேகமும் இல்லை. செய்தவர் யாரென்றே தெரியாதபோதும், தெரிந்தும் அது முக்கியமில்லாதபோதும் 'படு' இருக்கட்டும்: 'கட்டடம் ஞாயிற்றுக்கிழமை பூட்டப்பட்டிருக்கும்' என்பதில் பூட்டுபவர் பெயர் யாருக்கு வேண்டும்?

அடுத்தவர் தவறைச் சொல்லும் இடம் கொஞ்சம் சிக்கலானது. 'நீங்கள் தவறான கோப்பை இணைத்தீர்கள்' என்பது தெளிவுதான், ஆனால் முகத்தில் அறைகிற தெளிவு. 'பழைய கோப்பு இணைந்து வந்திருக்கிறது. புதியதை அனுப்புகிறீர்களா?' என்று எழுதலாம். நடந்துபோனதற்கு ஆள் இல்லாவிட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை. இனி நடக்க வேண்டியதற்கு ஆள் இருக்கிறார், அதுவும் கட்டளையாக இல்லாமல் கேள்வியாக.